முதலில் ஓட்டை, அப்புறம் பேசின்

வாஷ் பேசின் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடைக்குள் நுழைந்ததும் மேலே பார்க்கிறார்கள். வரிசையாக அடுக்கிய வெள்ளைக் கிண்ணங்கள், பின்னால் கண்ணாடி, பளபளக்கும் குழாய். அந்தப் பேசின்களில் ஒன்றுக்குக்கூட வேஸ்ட் பைப் இருக்காது. தண்ணீர் போகிற வழி என்ற ஒன்றே கடையில் கிடையாது. வீட்டிலோ அதுதான் முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறது: சுவரில் ஒரு ஓட்டை, அல்லது தரையில் ஒரு ஓட்டை. எந்தப் பேசின் என்பதில் பாதி முடிவை அந்த ஓட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டது. மீதி முடிவை, முன்னால் நிற்க இருக்கும் இடமும், தினமும் துடைக்கப்போகிறவரின் கையும் எடுக்கும்.

கடையில் மூன்று வகைதான் பிரதானம். சுவரில் போல்ட் போட்டு மாட்டுவது ஒன்று; கடைக்காரர்கள் 'வால் ஹங்' என்பார்கள். கீழே பீங்கான் தூணோடு நிற்பது பெடஸ்டல். கிரானைட் பலகையின் மேல் கிண்ணம்போல உட்காருவது டேபிள் டாப்; சிலர் கவுண்டர் டாப் என்பார்கள். இடையில் அரைத்தூண் வைத்தது, பலகைக்கு அடியில் பதிப்பது என்று கிளைகள் உண்டு. அவை இந்த மூன்றின் உறவுக்காரர்கள்தான்.

தூணைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பேசினின் கனத்தை அந்தத் தூண்தான் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தூண் கொஞ்சம் தாங்கும். ஆனால் பெடஸ்டல் பேசினையும் பின்னால் சுவரில் இரண்டு போல்ட் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். தூணின் முக்கிய வேலை பைப்புகளை மறைப்பது. அது முன்பக்கம் வளைந்து, பின்பக்கம் திறந்த உள்கூடு. அதற்குள் வேஸ்ட் பைப்பும் இரண்டு கனெக்‌ஷன் ட்யூபும் ஒளிந்துகொள்கின்றன. நம் ஊர்ப் பழைய வீடுகளில் பேசின் தண்ணீரைத் தரையில் இருக்கும் ஓட்டைக்கு இறக்குவதே வழக்கம் என்பதால், பெடஸ்டல் இங்கே நன்றாகப் பொருந்திப் போனது. அழுக்குப் பைப் கண்ணில் படாது, சுவரை உடைக்கும் வேலையும் இல்லை.

ஆனால் அந்த உள்கூடு குறுகலானது. தரை ஓட்டையும் ஆங்கிள் வால்வுகளும் தூணின் நடுக்கோட்டுக்கு நேராக, அதன் அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஓட்டை நான்கு அங்குலம் பக்கவாட்டில் தள்ளியிருந்தால் பைப் தூணுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அதை மறைக்கத்தான் தூணை வாங்கினோம் என்பதை நினைத்தால் எரிச்சலாக இருக்கும். உயரத்தையும் மாற்ற முடியாது. தூண் எவ்வளவோ அவ்வளவுதான் பேசின்.

சுவரில் மாட்டும் பேசினுக்கு உயரம் நம் கையில் இருக்கிறது. பேசினின் மேல் விளிம்பு, டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து 32 அங்குலத்தை ஒட்டி இருப்பது பெரியவர்களுக்கு வசதி. இதற்கு வேஸ்ட் பைப் சுவருக்குள் போக வேண்டும். பேசினின் அடியில் தொங்கும் பாட்டில் ட்ராப், பக்கவாட்டில் சுவர் ஓட்டைக்குள் நுழையும். அந்த ஓட்டை தரையிலிருந்து ஏறக்குறைய 18 முதல் 21 அங்குல உயரத்தில் வரும். மாடலுக்கு மாடல் இது ஓரிரண்டு அங்குலம் மாறும் என்பதால், பேசினோடு வரும் அளவுப் படத்தைப் பிளம்பர் கையில் கொடுப்பதுதான் சரி. ஓட்டை தேவைக்கு மேலே போய்விட்டால் எந்தப் பிளம்பராலும் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் மேலேறி ஓடாது. கீழே போய்விட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம். பாட்டில் ட்ராப்பின் மேல் குழாயை நீட்டிக்கொள்ள இடம் உண்டு.

இங்கே புது வீடு கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு சங்கதி இருக்கிறது. பிளம்பர் சுவரைத் தோண்டிப் பைப் பதிக்கும்போது தரையில் டைல்ஸ் இருக்காது. டைல்ஸும் அதன் அடிக் கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறினால், வெறும் தரையிலிருந்து அளந்து வைத்த ஓட்டை அத்தனையும் இரண்டு அங்குலம் இறங்கிப்போகும். அதனால் மேஸ்திரியிடம் சொல்லி, முடித்த தரை எங்கே வரும் என்று சுவரில் மட்டக்கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டிலிருந்து அளக்கச் சொல்ல வேண்டும். பேசினைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பேசின் என்பதைச் சுவர் தோண்டும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

டேபிள் டாப்பில் உயரக் கணக்கு வேறு விதமாகத் தப்புகிறது. கிண்ணத்தின் உயரமே ஐந்தரை அங்குலம் வரை இருக்கும். விளிம்பு 32-ல் நிற்க வேண்டுமானால் பலகையின் மேல்பரப்பு 26½ அங்குலத்தில் இருக்க வேண்டும். கொத்தனாரோ சமையல் மேடை போட்டுப் பழகியவர். அதே கையோடு இதையும் 32-ல் போட்டுவிடுவார். அதன் மேல் கிண்ணம் ஏறினால் விளிம்பு 37½-க்குப் போய்விடும். அப்புறம் முகம் கழுவக் குனிந்தால் கைகள் மேல்நோக்கி நிற்கும். தண்ணீர் முழங்கை வரை வழிந்து சட்டைக்குள் இறங்கும். பத்து வயதுப் பிள்ளை ஸ்டூல் போட்டுக்கொண்டு பல் தேய்க்கும். பலகையை இறக்கக் கிரானைட்டை எடுத்து, தாங்குகட்டையை உடைக்க வேண்டும். அதற்கு மனம் வராமல் அப்படியே பழகிக்கொண்ட வீடுகள் ஏராளம்.

இடத்துக்கு வருவோம். பேசினின் அகலத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நெருக்கமான இடத்தில் நம்மைத் தொந்தரவு செய்வது அகலம் இல்லை, சுவரிலிருந்து அது எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான். முகம் கழுவுகிறவர் குனியும்போது அவர் உடம்பு பின்னால் தள்ளும். அதற்குப் பேசினின் முன் விளிம்பிலிருந்து இரண்டடியாவது வேண்டும். இரண்டரை அடி இருந்தால் சௌகரியம்.

ஒரு பழைய இரண்டு படுக்கையறை பிளாட்டை எடுத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே மூன்றரை அடி, அதாவது 42 அங்குல நடை. அங்கே ஒரு பழைய பெடஸ்டல் பேசின், முன்னால் 17 அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேஸ்ட் பைப் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளித் தரை ஓட்டைக்குள் இறங்குகிறது. பின்னால் இருப்பது நாலரை அங்குலச் செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் குளியலறை. தூணின் அடியில் மாப் போகாமல் கறுத்துக் கிடக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு டேபிள் டாப் மேல் ஆசை.

அந்த ஆசையை அளந்து பார்த்தால், கிண்ணம் 15 அங்குலம், அதற்குப் பின்னால் உயரக் குழாய் நிற்க ஐந்து அங்குலம், ஆகப் பலகை 20 அங்குலம். மிச்சம் 22. ஒருவர் முகம் கழுவும்போது இன்னொருவர் அந்த வழியே போக முடியாது என்பது ஒருபுறம். முகம் கழுவுகிறவரே எதிர்ச்சுவரில் இடிப்பார். கிரானைட்டின் மூலை, நடக்கிறவர் தொடையின் உயரத்தில் வேறு நிற்கும். குழாயைச் சுவரிலிருந்து நீட்டினால் பலகையை 16 அங்குலமாகக் குறைக்கலாம். ஆனால் சுவர்க் குழாயின் உடம்பைப் புதைக்க நாலரை அங்குலச் சுவரை ஆழமாகத் தோண்ட வேண்டும். ஒற்றைக் கல் சுவரில் குறுக்கே தோண்டுவது, இருக்கிற கொஞ்ச பலத்தையும் பறிக்கிற வேலை. அதனால் அந்த ஆசையை இந்த நடையில் விட்டுவிடலாம்.

அடுத்தது, 18 அங்குல அகலமும் 14 அங்குல நீட்டமும் உள்ள சிறிய பேசினைச் சுவரில் மாட்டுவது. மிச்சம் 28 அங்குலம் கிடைக்கிறது. பழைய பெடஸ்டலைவிட மூன்று அங்குலம் கூடுதல். கீழே தரை முழுக்கத் திறப்பு. சிக்கல், ஓட்டை தரையில் இருப்பதுதான். பாட்டில் ட்ராப்பிலிருந்து ஒரு பைப்பைத் தரைக்கு இறக்கினால் பார்க்க அசிங்கம், துடைக்கவும் இடைஞ்சல். தரையை உடைத்து ஓட்டையைச் சுவருக்குள் நகர்த்தலாமே என்று வீட்டுக்காரம்மா கேட்டால், அனுபவமுள்ள பிளம்பர் சொல்வது அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "தரையை மட்டும் தொட வேணாம்க்கா. கீழ் வீட்டுக்காரங்க சீலிங் ஒழுகுதுன்னு நாளைக்கே மேல வந்து நிப்பாங்க."

அவர் பார்க்கிற வழி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 18 அங்குல உயரத்தில் சுவரின் குறுக்கே ஒரு ஓட்டை போட்டு, ஒன்றரை அங்குல பிவிசி பைப்பைக் குளியலறைக்குள் எடுத்து, அங்கே மூலையோரமாக இறக்கித் தரையிலுள்ள நகானி ட்ராப்பில் சேர்க்கிறார். படுக்கையாக ஓடும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் சாய்வு. பழைய தரை ஓட்டையை வாயிலிருந்து நன்றாக அடைத்து மேலே டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும். வெறுமனே மூடி வைத்தால் நாற்றமும் கரப்பானும் அதன் வழியேதான் வரும். குளியலறைக்குள் ஒரு பைப் தெரியத்தான் செய்யும். அதைக் கதவுக்குப் பின்னால் வரும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

சுவர் ஒற்றைக் கல் என்பதால் பேசினை மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பீங்கான் பேசினின் எடை பத்துப் பதினைந்து கிலோதான். நாம் அதன் மேல் ஊன்றும் கையின் கனம்தான் அதிகம். வயதானவர்கள் எழுந்து நிற்க, குனிந்து நிமிர, விளிம்பைத்தான் பிடிப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவரில் ராக் போல்ட் போட்டால் போதும். நாலரைச் சுவரில் போல்ட்டை அந்தப் பக்கம் வரை ஊடுருவ விட்டு, குளியலறைப் பக்கம் அகலமான வாஷர் பிளேட் வைத்து முடுக்குவது பத்திரம். இப்போது எங்கும் பரவியிருக்கும் இலேசான ஏஏசி கல் சுவரென்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் கதைக்கே ஆகாது. அங்கும் இப்படி ஊடுருவும் போல்ட், அல்லது கெமிக்கல் ஆங்கர். துளை போடும் முன் டைல்ஸை விரலால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றொலி வந்தால் பின்னால் கலவை இல்லை. போல்ட் முடுக்கியதும் டைல்ஸ் விரியும்.

மாட்டி ஆறு மாதம் கழித்தும் ஒரு சோதனை உண்டு. பேசின் சுவரைத் தொடும் இடத்தில் பூசிய ஒயிட் சிமெண்ட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால், பேசின் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்கிறது என்று பொருள். திரும்பத் திரும்ப ஒயிட் சிமெண்ட் பூசி மறைக்கிற விஷயமில்லை அது. போல்ட்டைப் பார்க்க வேண்டும். அந்த விரிசல் வழியே இறங்கும் தண்ணீர் சுவரின் உள்ளே போய் மறுபக்கத்துப் பெயிண்ட்டைப் பொரிய வைக்கும்.

இதே வீட்டில் செலவு வேண்டாமென்றால், இன்னும் சிறிய பெடஸ்டலை அதே ஓட்டையில் உட்கார வைப்பதும் நியாயமான முடிவுதான். ஒரு நாளில் வேலை முடியும், எதையும் உடைக்க வேண்டாம். கறுத்த தரையோடு மட்டும் வாழப் பழகிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சுத்தம் செய்வதில் மூன்று வகைக்கும் உள்ள வித்தியாசம் புரியும். பெடஸ்டல் தூணுக்கும் சுவருக்கும் நடுவே நான்கைந்து அங்குல இடைவெளி இருக்கும். கை நுழையும், ஆனால் வளையாது. மாப் நுழையவே நுழையாது. முடியும் தூசியும் சோப்புத் தண்ணீரும் அங்கே சேர்கின்றன. தூணைக் கழற்றிக் கழுவலாம் என்றால், பலர் அதன் அடியைத் தரையோடு ஒயிட் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். பின்னொரு நாள் கனெக்‌ஷன் ட்யூபில் கசிவு வந்தால் அதைத் தட்டி எடுக்கும்போது தூண் விரிசல் விடுவதும் நடக்கிறது. கொஞ்சம் சிலிக்கான் மட்டும் வைத்தால் பிளேடால் அறுத்து எடுத்துவிடலாம்.

டேபிள் டாப்பில் அழுக்கு மேலே சேர்கிறது. கிண்ணம் பலகையைத் தொடும் வட்டத்தில் சிலிக்கான் கோடு ஒன்று ஓடும். எந்நேரமும் ஈரமாக இருப்பதால் சில மாதங்களில் அது கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். தேய்த்துப் போகாது, கீறி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பூஞ்சை தாங்கும் சானிட்டரி சிலிக்கான் என்று கேட்டு வாங்கினால் கொஞ்ச காலம் கூடுதலாக வரும். கிண்ணத்துக்குப் பின்னால், குழாயடியில், விரலை விட்டுத் துடைக்க வேண்டிய ஒரு சந்தும் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் பளபளப்பான கறுப்புக் கிரானைட் போட்டால், தெறித்த ஒவ்வொரு துளியும் காய்ந்து உப்பு வட்டமாக நிற்கும். சாம்பல் நிறம், பொடிப் புள்ளிக் கிரானைட் இதை மன்னிக்கும். கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கல் என்பதால், உப்புக் கறையைப் போக்க எலுமிச்சையோ வினிகரோ ஊற்றினால் கல்லே அரித்து மங்கிவிடும். ஆசிட் பாட்டிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது டைல்ஸ் இடுக்கையும் குழாயின் குரோம் பூச்சையும் சேர்த்தே தின்னும்.

பலகைக்குக் கீழே அலமாரி வைத்தால் சாமான் வைக்க இடம் கிடைக்கும். கசிவு தெரியாமலும் போகும். சாதாரண பிளைவுட் தண்ணீர் பட்டு உப்பும். பிவிசி அல்லது டபிள்யூபிசி பலகை தாங்கும். எதுவானாலும் தரையிலிருந்து எட்டு அங்குலமாவது தூக்கி மாட்டுங்கள். ஆங்கிள் வால்வைத் திருகக் கை போகிறதா என்பதைத் தச்சர் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ட்யூப் வெடித்த அன்று டிராயரைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது.

சுவரில் மாட்டியதில் துடைக்க வேண்டியது கிண்ணம், அதன் அடிப்பகுதி, பாட்டில் ட்ராப், அவ்வளவே. துடைப்பவர் குனிந்தாலே எல்லாம் கண்ணில் படும். கறை தெரிகிறதே என்று சிலர் குறைப்படுவதுண்டு. நான் அதை நல்ல குணம் என்பேன். சொட்டு விழுந்த அன்றே தெரிந்துவிடும். என் ஓட்டு, நெருக்கமான இடத்திலும் வயதானவர்கள் இருக்கும் வீட்டிலும் சுவர் பேசினுக்குத்தான். நான்கைந்து அடி நீளச் சுவர் சும்மா கிடக்கிற, ஷேவிங் செட்டும் சீப்பும் பவுடரும் வைக்க மேடை தேவைப்படுகிற இடத்தில் டேபிள் டாப் நன்றாகத்தான் இருக்கும்.

எந்த வகையானாலும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: வழியில் எங்கும் தண்ணீர் தேங்கி நிற்காத பைப். பாட்டில் ட்ராப்பின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்றை மேலே விடாமல் தடுப்பது அதுதான். நெளிநெளியான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்பை நேராகத் தரை ஓட்டைக்குள் செருகியிருந்தால், அந்த ஓட்டைக்கு உள்ளே ட்ராப் இருக்க வேண்டும். ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மினுங்கினால் சரி. வெறும் இருட்டாக இருந்தால், பேசினுக்கு அடியில் பாட்டில் ட்ராப் போட்டே ஆக வேண்டும். பைப் நுழையும் வாயைச் சுற்றியும் அடைக்க வேண்டும்.

வேஸ்ட் கப்ளிங் வாங்கும்போதும் பேசினைப் பார்த்து வாங்க வேண்டும். பேசினின் மேல்பகுதியில் நிரம்பி வழியாமலிருக்கச் சின்ன ஓட்டை இருந்தால் ஹாஃப் த்ரெட். டேபிள் டாப் கிண்ணங்கள் பலவற்றில் அந்த ஓட்டை கிடையாது. அவற்றுக்கு ஃபுல் த்ரெட். மாற்றிப் போட்டால், ஓட்டை உள்ள பேசினில் மேலே நுழைந்த தண்ணீர் இறங்க வழியில்லாமல் நிற்கும். ஓட்டை இல்லாத கிண்ணத்திலோ கப்ளிங்கின் பக்கத் துளை வழியாகத் தண்ணீர் பலகைக்கு அடியில் சொட்டும். வாஷர் போச்சு, சிலிக்கான் போச்சு என்று பிளம்பர் மூன்று முறை வந்து போவார்.

கூலி கொடுக்கும் முன் பேசினை அடைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு அடைப்பைச் சட்டென்று எடுங்கள். குழாயைத் திறந்து கை கழுவும்போது தெரியாத கசிவு, முழுப் பேசின் தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்கும்போது தெரிந்துவிடும். பத்து நிமிடம் கழித்துத் தாளில் ஈரப்புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் என்றால் கப்ளிங் அல்லது ட்ராப் நட்டு, சுவரோரம் என்றால் ஆங்கிள் வால்வு அல்லது சுவர் ஓட்டையின் வாய்.